கருமுடிக்குப் புது நிறம்: பார்லருக்குப் போகும் முன் படத்தில் போட்டுப் பார்ப்பது எப்படி?

என் சித்தி மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஒன்றரை மாதம் முன்னால் ஒரு படத்தைக் காட்டினாள். கேரமல் நிறத்தில் பளபளக்கும் முடி. "இதே மாதிரி பண்ணிக்கப் போறேன்க்கா" என்றாள். படத்தில் இருந்த பெண்ணின் இயற்கை முடியே வெளிர் பழுப்பு. இவளுக்கோ நல்ல கருமுடி. அந்தக் கேரமல் இவள் முகத்துக்குப் பொருந்துமா என்பது ஒரு கேள்வி. இவள் முடியிலிருந்து அங்கே போய்ச் சேர என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்குமே அவளுடைய படத்தை வைத்து ஓரளவு பதில் தேடலாம்.

கைபேசிச் செயலிகள் ஒரு தட்டலில் நிறம் மாற்றிக் காட்டும். ஆனால் கருமுடி மேல் சாயம் எப்படி உட்காரும் என்பதை அவற்றில் பல கண்டுகொள்வதில்லை. அதனால் GIMP என்ற இலவச மென்பொருளில் கையாலேயே செய்வோம். பழைய மடிக்கணினி போதும். படமும் இணையத்தில் எங்கும் போகாது.

முதலில் சரியான படம்

முடியைக் கழுவி, எண்ணெய் இல்லாமல் நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெய் முடியில் வெளிச்சம் பட்டால் வெள்ளைத் திட்டு விழும், அதற்கு நிறம் ஏறாது. வெளிர் நிறச் சுவருக்கு முன்னால், ஜன்னலைப் பார்த்தபடி நில்லுங்கள். நேர் வெயிலும் வேண்டாம், டியூப்லைட்டும் வேண்டாம். அழகு ஃபில்டரையும் பின்னணி மங்கும் போர்ட்ரெய்ட் மோடையும் அணைத்துவிடுங்கள். போர்ட்ரெய்ட் மோடு முடியின் ஓரங்களைத்தான் முதலில் கடித்துத் தின்னும். கை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெரிதாகி முகம் ஒடுங்கிவிடும் என்பதால் வேறு யாரையாவது ஐந்தாறு அடி தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள்.

வெளுப்பு ஒரு லேயர், சாயம் ஒரு லேயர்

கருப்புத் துணியை மஞ்சள் நீரில் முக்கினால் அது மஞ்சளாகாது. முடியும் அப்படித்தான். பார்லரில் முதலில் முடியிலுள்ள கருமையைக் குறைக்கிறார்கள், பிறகு நிறம் ஏற்றுகிறார்கள். நாமும் அந்த இரண்டையும் படத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தனித்தனி லேயராக வைக்கப் போகிறோம்.

படத்தை GIMP-இல் திறந்து `Layer > Duplicate Layer` கொடுங்கள். வரும் நகலுக்கு "வெளுப்பு" என்று பெயர் வையுங்கள். அதைத் தேர்ந்தெடுத்து `Colors > Curves` போனால் ஒரு சாய்ந்த கோடு தெரியும். இடப்பக்கம் இருள், வலப்பக்கம் வெளிச்சம். 0 என்றால் முழுக் கருப்பு, 255 என்றால் முழு வெள்ளை. கோட்டின் இடது ஓரத்தில், 8 அருகே ஒரு புள்ளி வைத்து அதை அப்படியே விடுங்கள். இழைகளுக்கு இடையிலுள்ள நிழலை அது பிடித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் முடி சாம்பல் பூசினாற்போல் ஆகிவிடும். அடுத்து 40 அருகே இன்னொரு புள்ளி வைத்து அதை மேலே இழுங்கள். என் தங்கை படத்தில் அதை 110 வரை ஏற்றிய பிறகுதான் கேரமலுக்கு வேண்டிய வெளிச்சம் வந்தது. முகமும் சுவரும் வெளுத்துப்போய்ப் பார்க்கவே கண்றாவியாக இருக்கும், பரவாயில்லை.

இனி சாயம். கருவிப்பெட்டியில் முன்னணி நிறத்தைச் சொடுக்கி, `HTML notation` கட்டத்தில் கேரமலுக்கு `a8703f` என்று தட்டுங்கள். `Layer > New Layer` கொடுத்து, `Fill with` என்ற இடத்தில் `Foreground color` தேர்ந்தெடுங்கள். இந்த லேயரின் பெயர் "சாயம்". லேயர் பட்டியலில் இதன் `Mode`-ஐ `HSL Color` என்று மாற்றுங்கள். இந்த மோடு கீழே உள்ள வெளிச்சத்தைத் தொடாமல் நிறத்தை மட்டும் ஏற்றும்.

இப்போது வெளுப்பு லேயரின் கண் குறியை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். கருமுடி மேல் கேரமல் கிட்டத்தட்ட காணாமலே போயிருக்கும். வெளுக்காமல் வெறும் சாயம் மட்டும் போட்டால் நிஜத்திலும் ஏறக்குறைய இதுதான் நடக்கும். பார்த்துவிட்டுக் கண்ணைத் திரும்பப் போடுங்கள்.

முடியில் மட்டும் தெரிய வைப்பது

`Layer > New Layer Group` கொடுத்து, இரண்டு லேயர்களையும் அந்தக் குழுவுக்குள் இழுத்துப் போடுங்கள். சாயம் மேலே, வெளுப்பு கீழே இருக்க வேண்டும். குழுவைத் தேர்ந்தெடுத்து `Layer > Mask > Add Layer Mask` போய் `Black (full transparency)` கொடுங்கள். எல்லாம் மறைந்து பழைய படமே தெரியும். மாஸ்க்கின் சிறுபடத்தைச் சொடுக்கி, `D` விசையால் நிறங்களைக் கருப்பு, வெள்ளை ஆக்கி, ஓரம் மென்மையான பிரஷ் ஒன்றை எடுத்து, வெள்ளை நிறத்தால் முடி மேல் தீட்டுங்கள். தீட்டும் இடத்தில் மட்டும் கேரமல் வரும். தவறிக் காதில் பட்டால் கருப்பால் தீட்டுங்கள், போய்விடும். `X` விசை இரண்டு நிறத்தையும் மாற்றிக் கொடுக்கும்.

நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடம் நெற்றியோரம். அங்கே பிரஷின் `Opacity`-ஐ 30 அளவுக்குக் குறைத்து, பூனை முடிகள் மேல் இரண்டு மூன்று முறை லேசாக வருடுங்கள். அழுத்தித் தீட்டினால் விக் வைத்ததுபோல் இருக்கும். வகிட்டுத் தோலில் நிறம் ஏறியிருந்தால் மெல்லிய பிரஷால் கருப்புக் கோடு போட்டு எடுத்துவிடுங்கள். கடைசியாகச் சாயம் லேயரின் `Opacity`-ஐ 70-80க்கு இறக்கினால் பிளாஸ்டிக் தன்மை போய்விடும்.

கோடு எவ்வளவு ஏறியது?

அதே படத்தில் மஹோகனியும் போட்டுப் பார்த்தோம். நிறம் `5a2a22`. அதற்கு 40 என்ற புள்ளியை 65 வரை ஏற்றினாலே போதுமாக இருந்தது. கேரமலுக்கு 110, மஹோகனிக்கு 65. இந்த எண்கள் அந்த ஒரு படத்துக்கு மட்டும்தான், உங்கள் படத்தில் வேறாக வரும். ஆனால் இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள்.

முடியின் கருமையை 1 முதல் 10 வரை பிரிப்பார்கள். 1 என்றால் கருப்பு, 10 என்றால் மிக வெளிர் பொன்னிறம். நம்மில் பெரும்பாலோர் 1 முதல் 3க்குள். சாயத்தோடு கலக்கும் டெவலப்பர் 20 வால்யூம் என்றால், சாயமே படாத முடியைச் சுமார் ஒன்றிரண்டு படி ஏற்றும். அதில் மஹோகனி கிடைத்துவிடும். கேரமல் 7 அருகே இருக்கிறது, அவ்வளவு தூரத்துக்கு ப்ளீச் இல்லாமல் முடியாது. பொதுவாக, கோட்டை நிறைய இழுத்தால்தான் படத்தில் அந்த நிறம் வருகிறது என்றால், பார்லரில் ப்ளீச் பேச்சு வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே போங்கள்.

இரண்டு மாதம் கழித்து எப்படி?

முதல் நாள் படத்தோடு பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இந்தப் பகுதிதான் முக்கியம்.

கருமுடியை ப்ளீச் செய்யும்போது அது நேராக வெளிர் பழுப்பாவதில்லை. முதலில் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, அதன் பிறகுதான் மஞ்சள் என்று போகும். நடுவில் நிறுத்தி, மீதி ஆரஞ்சை டோனர் போட்டு அடக்குவார்கள். டோனர் சில வாரத் தலைக்குளியலில் கழன்றுவிடும், ஆரஞ்சு எட்டிப் பார்க்கும். அதனால் சாயம் லேயரை நகலெடுத்து `c4702a` நிறத்தால் நிரப்பி, பழையதன் கண்ணை அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்புறம் வேர்ப்பகுதி. முடி மாதம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று கூடுதலாக வளரும். மாஸ்க்கில் வகிட்டின் இருபுறமும் இரண்டரை சென்டிமீட்டர் மதிப்புக்குக் கருப்பால் தீட்டினால் இரண்டு மாதம் கழித்துள்ள தலை தயார். கேரமலை இப்படிப் பார்த்தபோது தங்கை கொஞ்ச நேரம் பேசவே இல்லை. மஹோகனியில் வேர் வித்தியாசம் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

நீளம் குறைப்பதை மட்டும்

வெட்டை இப்படிப் பார்ப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நெற்றி முடி வெட்டு, லேயர் கட் எல்லாம் முடியின் அடர்த்தியையும் சுருளையும் பொறுத்தவை. நீளத்தை மட்டும் பார்க்கலாம். குழுவைத் தேர்ந்தெடுத்து `Layer` மெனுவில் `New from Visible` கொடுங்கள். வரும் புது லேயரில் `Clone` கருவியை எடுத்து, `Ctrl` அழுத்திச் சுவரைச் சொடுக்கி, வேண்டாத முடி மேல் தீட்டினால் சுவர் அதை மூடிவிடும். ஆடை மேல் விழும் முடிக்கு ஆடையிலிருந்து எடுங்கள். சுருள் முடிக்காரர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஈரத்தில் வெட்டிய நீளம் காய்ந்ததும் மேலே ஏறிக்கொள்ளும்.

பார்லரில்

மூன்று படம் கொண்டு போங்கள்: மாற்றாத படம், நிறம் போட்டது, வேர் வளர்ந்தது. கைபேசியில் காட்டுவதானால் இரவு மஞ்சள் ஒளியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லா நிறமும் செம்பாகத் தெரியும். கடந்த இரண்டு மூன்று வருடத்தில் மருதாணி, பாக்கெட் கருப்புச் சாயம் எது போட்டிருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். ஏற்கெனவே சாயம் ஏறிய முடியைப் புதுச் சாயம் வெளுக்காது. சில மருதாணிப் பொடிகளில் கலந்திருக்கும் உலோக உப்புகள் டெவலப்பரோடு சேர்ந்து சூடாகி முடியையே கெடுத்துவிடும். காதுக்குப் பின்னால் ஒவ்வாமைச் சோதனையை 48 மணி நேரம் முன்பே செய்துகொள்ள வேண்டும். பிடரியில் ஒரு கற்றை எடுத்து நிறச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள்.

தங்கையின் கற்றையில்தான் விஷயம் வெளிப்பட்டது. தோளுக்குக் கீழே நீண்டிருந்த முடியில் மேல்பகுதி மஹோகனியை நன்றாக வாங்கியது. நுனியில் நான்கு விரற்கடை மட்டும் கருப்பாகவே நின்றது. "கருப்பு டை போட்டீங்களாம்மா?" என்று கேட்டார் பார்லர் அக்கா. இரண்டு வருடம் முன்பு ஒரே ஒரு தடவை போட்டதை இவள் மறந்தே போயிருந்தாள். தோளளவுக்கு வெட்டிய படம் கைபேசியில் இருந்ததால் அதிகம் யோசிக்கவில்லை, நுனியை வெட்டச் சொல்லிவிட்டாள். நிச்சயதார்த்தப் படங்களில், மண்டபத்துக்குள் எடுத்தவற்றில் முடி கருப்பாகத்தான் இருக்கிறது. வாசலில் வெயிலில் நின்று எடுத்த இரண்டில் மட்டும் அந்தச் சிவப்பு தெரிகிறது.