பட்டினி கிடந்தும் எடை ஏன் நின்றுவிட்டது: உடற்பயிற்சிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

முதல் பத்து நாளில் 82 கிலோவிலிருந்து 79-க்கு இறங்கிய எடை, அதன்பின் மூன்று வாரமாக அசையவில்லை என்று கேட்டிருந்தீர்கள். காலையில் மூன்று இட்லி, மதியம் வெள்ளரிக்காயும் மோரும், இரவில் இரண்டு சப்பாத்தியும் பருப்பும் என்ற உங்கள் குறிப்பின்படி, தேநீரையும் சேர்த்து நாளுக்குச் சுமார் 800 கலோரிதான் வருகிறது.

உட்கார்ந்து வேலை செய்யும் உங்களுக்குத் தோராயமாக 2200 கலோரி செலவாகும் என்று வைத்தால், பத்து நாள் பற்றாக்குறை 14,000. ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி என்பதால், அந்த மூன்று கிலோவில் கொழுப்பு இரண்டு கிலோவைக்கூடத் தொட்டிருக்காது. மீதியில் பெரும்பகுதி நீர். தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்பட்டுள்ள சர்க்கரையான கிளைகோஜன் கரையும்போது, கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் நீரும் உடன் போய்விடும்.

பிறகு நின்றது ஏன்? உங்கள் கைப்பேசியில் தினசரி நடை 8,000 காலடியிலிருந்து 4,500-க்குக் குறைந்திருக்கிறது. சோர்ந்த உடல் உங்களை அறியாமலே செலவைச் சுருக்கியுள்ளது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும் இனிப்பும் வாரப் பற்றாக்குறையில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. கடும் பட்டினியில் உடல் நீரைத் தேக்கி, கொழுப்பு குறைவதைத் தராசில் மறைப்பதும் உண்டு. என்னைக் கவலைப்படுத்துவது, எடை சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் உங்கள் வலு குறைவதுதான்: 60 கிலோவில் எட்டு முறை செய்தவர், இன்று 50 கிலோவில் ஐந்தாவது முறையிலேயே திணறுகிறீர்கள்.

முதல் படியாக, நாளை முதல் 1800 கலோரி சாப்பிடுங்கள். அதில் புரதம் 125 கிராம் அளவில் இருக்கட்டும். முட்டை, கோழி, மீன், தயிர், சுண்டல் ஆகியவற்றை மூன்று வேளைக்கும் பங்கிட்டால் எட்டிவிடலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவராக இருந்தால் மருத்துவரைக் கேட்ட பிறகே மாற்றுங்கள்.

இரண்டாவது படி, தராசின் எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்வது. அதில்தான் நான் ஒருமுறை தவறினேன். சாப்பாட்டைக் கூட்டிய இரண்டே நாளில் எடை 1.4 கிலோ ஏறியதைக் கண்டு பயந்து மீண்டும் பட்டினிக்குப் போனேன். ஒரு மாதம் வீணாயிற்று. ஏறியது கிளைகோஜனும் நீரும் உணவின் எடையும்தான். இரண்டே நாளில் அவ்வளவு கொழுப்பு சேர வேண்டுமென்றால், தேவைக்கு மேல் பத்தாயிரம் கலோரிக்கும் அதிகமாக உண்டிருக்க வேண்டும். ஆகவே தினமும் காலையில் கழிப்பறைக்குச் சென்று வந்தபின் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். முதல் இரண்டு வாரச் சராசரியை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். வாரம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து, ஸ்குவாட் எடையுடன் சேர்த்துக் குறித்து வாருங்கள். கொழுப்புச் சதவீதம் காட்டும் தராசை நான் நம்புவதில்லை; உடலில் நீர் மாறினால் அதன் எண்ணும் மாறிவிடும். தையல்காரரின் நாடா போதும்.

பின்சேர்க்கை: இதே முறையைப் பின்பற்றிய இன்னொருவருக்கு ஐந்து வாரமாகியும் சராசரி குறையவில்லை. விசாரித்தபோது, தாளிக்கும் எண்ணெயை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்று தெரிந்தது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, எண்ணெய்ப் புட்டியைச் சமைப்பதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பயிற்சியாளர்