பின் டிரேயில் கவர் அச்சிடுவது எப்படி? கூடவே தடித்த அட்டையும்

முகவரியைத் தலைகீழாக அச்சிட்டு ஏழெட்டு கவர்களை வீணாக்கிய பிறகுதான் எனக்கு இது பிடிபட்டது. நான் சொல்வது பின்பக்கம் காகிதம் வைக்கும் டிரே உள்ள இங்க்ஜெட் பிரிண்டருக்கு. கீழே இருக்கும் கேசட்டில் காகிதம் 'யு' போல வளைந்து திரும்புவதால் அதில் கவரையும் அட்டையையும் வைக்காதீர்கள். பின் டிரேயில் அந்த வளைவு இல்லை.

110 × 220 மி.மீ. கவரை எடுத்துக்கொள்வோம். திரையில் இதன் பெயர் `DL`. முதலில் கவரை மேசையில் வைத்து, உள்ளே இருக்கும் காற்று போகும்படி கையால் அழுத்துங்கள். நான்கு ஓரங்களையும் ஸ்கேலால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக வையுங்கள். கட்டாக வைப்பதை நான் விட்டுவிட்டேன்.

நான் தடுமாறிய இடம் திசை. பெரும்பாலான பிரிண்டர்களில் முகவரிப் பக்கம் உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். ஒட்டும் மடிப்பு மூடியபடி பின்பக்கம், இடது ஓரமாக வரவேண்டும். கவர் நெட்டுவாக்கில் நிற்கும். அப்போது ஸ்டாம்ப் ஒட்டும் மூலை இடது மேல் பக்கம் இருக்கும். சில மாடல்களில் இது மாறும் என்பதால், டிரேயில் பொறித்திருக்கும் கவர் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரே கவரில் அச்சிட வேண்டாம். சாதாரணத் தாளை அதே அளவுக்கு வெட்டி, ஸ்டாம்ப் மூலையில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டு, அதே திசையில் அனுப்புங்கள். முகவரி தலைகீழாக வந்தால் கவரைத் திருப்பி வைக்காதீர்கள். கணினியில் உள்ள பிரிண்டர் டிரைவரில் `Rotate 180` என்பதை டிக் செய்யுங்கள்.

அடுத்தது காகித வகை. அளவை `DL` என்று கொடுத்துவிட்டு வகையை `Plain Paper` என்றே விட்டால், பல இடங்களில் காகிதம் மடிந்து தடித்திருக்கும் கவரில் மை தெளிக்கும் ஹெட் உரசும். ஓரங்களில் கறுப்புத் தீற்றல் விழுந்தால் அதுதான் காரணம். `Envelope` என்று மாற்றினால், பல மாடல்களில் ஹெட்டுக்கும் காகிதத்துக்கும் நடுவே இடைவெளி கூடும்.

தடித்த அட்டைக்கு முதலில் கையேட்டில் காகிதத்தின் கனத்தைச் சொல்லும் ஜிஎஸ்எம் வரம்பைப் பாருங்கள். வழவழப்பில்லாத அட்டை என்றால் நான் `Matte` வகையைத்தான் தேர்ந்தெடுப்பேன். அச்சிடும் பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். தானாக இருபுறமும் அச்சிடும் வசதியை அணைத்துவிடுங்கள்; அட்டையை உள்ளே இழுத்துத் திருப்பப் பார்த்து சிக்கிக்கொள்ளும். அப்படியும் தீற்றல் விழுந்தால், டிரைவரின் பராமரிப்புப் பகுதியில் `Thick Paper` அல்லது `Prevent paper abrasion` இருக்கும். அதை இயக்கி, வேலை முடிந்ததும் மறக்காமல் அணையுங்கள். சாதாரணத் தாளில் அச்சுத் தரம் குறையும்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாக வைத்தும் பிரிண்டர் பிழை காட்டி நிற்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். டிரேயில் கவரை வைத்ததும் பிரிண்டரின் சிறு திரையும் அளவையும் வகையையும் கேட்கும். அங்கே `A4` என்று இருந்து, கணினியில் `DL` கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் அச்சு நின்றுவிடும். இரண்டு இடத்திலும் ஒன்றையே கொடுங்கள்.