"ஏன் நாலு?" என்று கேளுங்கள்: குடிநோயாளியிடம் பேசும் முறை, படிப்படியாக

மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்னும் ஊக்கமூட்டும் நேர்காணலை வில்லியம் மில்லர் 1983-ல் முதன்முதலாக விவரித்தது குடிநோயாளிகளை வைத்துத்தான். குடியை விடச் சொல்லி நாம் வாதாடினால் நோயாளி குடிக்காகவே வாதாடுவார். விடுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்து வரவேண்டும். புறநோயாளர் பிரிவில் கிடைக்கும் பதினைந்து நிமிடத்தில் இதற்குக் கைகொடுப்பது ஓர் அளவுகோல் கேள்வி. அதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

முதலில் உடம்பு

காலையில் கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா, முன்பு குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்று கேளுங்கள். ஆம் என்றால், "இன்றே நிறுத்துகிறேன்" என்று அவர் சொன்னாலும் தனியாக விட்டுவிடாதீர்கள். கடைசிக் குடிக்குப் பிறகு பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம்; 2 முதல் 4 நாளில் மனக்குழப்பமும் நடுக்கமும் சேர்ந்த டெலிரியம் வரலாம், அது உயிருக்கே ஆபத்து. அவருக்கு மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்தும் சிகிச்சை தேவை. நல்ல பேச்சு அதற்கு மாற்றாகாது.

அனுமதி, பிறகு எண்

45 வயதுக்காரர் ஒருவரை மனைவி வற்புறுத்தி அனுப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன அறிகுறி எதுவும் அவருக்கு இல்லை.

"குடியைப் பத்திக் கொஞ்சம் பேசலாமா? என்ன செய்யறதுங்கிறது உங்க முடிவுதான்."

"பேசுங்க டாக்டர்."

"குறைக்கிறது உங்களுக்கு இப்ப எவ்வளவு முக்கியம்? பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"ஒரு நாலு."

இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். "ஏன் எட்டு இல்லை?" என்று கேட்கத் தோன்றும். கேட்டால் வேலை அழுத்தம், நண்பர்கள், தூக்கமின்மை என்று குடிப்பதற்கான காரணங்களை அவர் அடுக்குவார். அவற்றைச் சொல்லச் சொல்ல அவருக்கே அவை உறுதிப்படும். கேள்வியைக் கீழ்நோக்கித் திருப்புங்கள்:

"ஒண்ணுன்னு சொல்லாம நாலுன்னு சொன்னீங்க. ஏன்?"

"போன வாரம் பொண்ணு வண்டிச் சாவியை ஒளிச்சு வச்சுட்டா."

அவர் பூஜ்யம் என்று சொன்னால் இந்தக் கேள்வி நிற்காது. "என்ன நடந்தா அது ரெண்டா மாறும்?" என்று கேளுங்கள்.

கேள்வியை நிறுத்தி, திருப்பிச் சொல்லுங்கள்

சாவி விஷயம் வந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். அவர் சொன்னதன் உட்பொருளை ஒரு வாக்கியமாகத் திருப்பிச் சொல்லுங்கள்.

"உங்களுக்கு ஏதாவது ஆயிடும்னு பயந்திருக்கா."

"ஆமா. வாயைத் திறந்து சொல்லல. அதுதான் உறுத்துது."

தமிழில் இதற்கு ஒரு பொறி இருக்கிறது. கடைசியில் ஓர் 'ஆ' ஒட்டிக்கொண்டால் போதும், அது கேள்வியாகிவிடும். "பயந்திருக்காளா?" என்றால் "ஆமா" என்று முடித்துவிடுவார். "பயந்திருக்கா" என்று குரலை இறக்கி நிறுத்தினால் மேலே பேசுவார். தவறாகச் சொல்லிவிட்டாலும் நஷ்டமில்லை, அவரே திருத்துவார். அப்புறம் நாலைந்து விநாடி சும்மா இருங்கள். அந்த மௌனம் நமக்குத்தான் கஷ்டம்.

பின்வாங்கும்போது

"ஆனா ராத்திரி குடிக்காம தூக்கம் வராது டாக்டர்" என்பார். மறுக்க வேண்டாம். இரண்டு பக்கத்தையும் சொல்லுங்கள், மாற்றத்தின் பக்கத்தைக் கடைசியில் வையுங்கள். கடைசியாகக் கேட்டதைப் பிடித்துக்கொண்டே அவர் பேச்சைத் தொடர்வார்.

"தூக்கத்துக்கு அது வேணும்னு தோணுது, அதே சமயம் பொண்ணு பயப்படறது உறுத்துது."

நடுவில் "ஆனா" போடாதீர்கள். போட்டால் முன்பாதியை அடித்துவிட்ட மாதிரி அவருக்குக் கேட்கும்.

தூக்கத்தைப் பற்றித் தகவல் தரவேண்டுமா? அவருக்குத் தெரிந்ததை முதலில் கேளுங்கள், கொஞ்சமாகச் சொல்லுங்கள், திரும்பக் கேளுங்கள்.

"தூக்கம் எப்படி இருக்கு?"

"படுத்ததும் வந்துடும். மூணு மணிக்கு முழிப்பு."

"ஒரு விஷயம் சொல்லட்டுமா? மது சீக்கிரம் தூங்க வைக்கும், ராத்திரியோட பின்பாதியில தூக்கத்தைக் கலைக்கும். இதைக் கேட்டா என்ன தோணுது?"

"அப்ப அந்த முழிப்பே அதனாலதான் போல..."

இதை அவரே சொன்னார். நாம் சொல்லியிருந்தால் அறிவுரையாகப் போயிருக்கும்.

அடுத்தது என்ன?

"செய்யணும்", "முயற்சி பண்றேன்" போன்ற சொற்கள் வரத் தொடங்கினால் மட்டும் திட்டத்துக்குப் போங்கள். வரவில்லை என்றால் அடுத்த வருகைக்கு விட்டுவிடுங்கள். அவசரப்பட்டுத் திட்டம் போட்டால் தலையாட்டிவிட்டுப் போவார், மறுபடி வரமாட்டார். அந்தச் சொற்கள் வந்தால், "செய்ய முடியும்கிற நம்பிக்கை எவ்வளவு?" என்று அதே அளவுகோலில் கேளுங்கள். முக்கியம் 7, நம்பிக்கை 2 என்று வந்தால் அறிவுரை தேவையில்லை. சிறிய முதல் அடியும், மருந்து உதவியைப் பற்றிய பேச்சும்தான் தேவை.

சரி, பயிற்சிக்கு: நோயாளியின் சம்மதத்தோடு ஓர் உரையாடலைப் பதிவுசெய்து, கேள்விகளையும் திருப்பிச் சொன்னவற்றையும் எண்ணுங்கள். ஒரு கேள்விக்கு ஒன்றாவது இருக்கவேண்டும், இரண்டு இருந்தால் நல்லது. என் முதல் பதிவில் 14 கேள்வி, 2 திருப்பிச் சொல்லல். அந்த இரண்டிலும் ஒன்றில் 'ஆ' ஒட்டியிருந்தது.