தவறு செய்த ஊழியருக்கு மேலாளர் எழுதும் செய்தி: வெறும் ‘பரவாயில்லை’ ஏன் போதாது?

ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போய்விடுவது கணக்குப் பிரிவில் புதிய செய்தி அல்ல. சப்ளையர் முதலில் பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். ஒரு வாரம் கழித்து அதே பில்லின் ஒரிஜினல் கூரியரில் வருகிறது. முதல் முறை பில் எண்ணை ‘147’ என்று அடித்தவர், அடுத்த முறை தாளில் உள்ளபடி ‘SC/147’ என்று அடிக்கிறார். மென்பொருளுக்கு இரண்டும் வேறு வேறு எண்கள் என்பதால் அது எச்சரிப்பதில்லை. மேலாளரும் நெட்பேங்கிங்கில் இரண்டையும் அப்ரூவ் செய்துவிடுகிறார்.

இந்த ஒரு தவறையே எடுத்துக்கொள்வோம். அட்டைப்பெட்டி பில், தொகை ரூ. 86,400, பணம் போனது 3-ஆம் தேதியும் 10-ஆம் தேதியும். சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களை வைத்து ஜிஎஸ்டி தளத்தில் 14-ஆம் தேதி வரும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் அந்த சப்ளையரின் பெயரில் ஒரு பில்தான் இருக்கிறது, நம் கணக்கில் இரண்டு. ஒப்பிட்டுப் பார்க்கும்போது இதைக் கண்டுபிடித்தவர் என்ட்ரி போட்டவரே. அவர் பெயர் சுமதி என்று வைத்துக்கொள்வோம். பயந்துகொண்டே மேலாளரிடம் வந்து சொல்லிவிட்டார். இப்போது மேலாளர் அவருக்கு ஒரு செய்தி எழுத வேண்டும்.

பெரும்பாலும் போகும் செய்தி இதுதான்: “பரவாயில்ல சுமதி, டென்ஷன் ஆகாதீங்க. இனிமே கவனமா இருங்க.” நல்ல மனதோடு எழுதியதுதான். ஆனால் சுமதிக்கு இதில் ஒன்றுமே தெரியவில்லை. பணம் திரும்பி வருமா, முதலாளிக்குத் தெரியுமா, சம்பளத்தில் பிடிப்பார்களா, பேமெண்ட் வேலையிலிருந்து மாற்றிவிடுவார்களா என்ற நான்கு கேள்விகளோடுதான் அவர் அன்று வீட்டுக்குப் போவார். ‘கவனமா இருங்க’ என்பதும் உதவாது. அவர் கவனமாகத்தான் அடித்தார், தாளில் உள்ள எண்ணை அப்படியே. லெட்ஜரைத் திறந்து பார்க்காததுதான் பிழை. எந்த இடத்தில் கவனம் வேண்டும் என்று சொல்லாத அறிவுரையால் அடுத்த மாதம் எதுவும் மாறாது.

அதே மேலாளர் இப்படி எழுதியிருக்கலாம்:

“சுமதி, அட்டைப்பெட்டி பில் 147-க்கு 3-ஆம் தேதியும் 10-ஆம் தேதியும் பணம் போயிருக்கு. கூடுதலா போனது 86,400. சப்ளையர்கிட்ட பேசிட்டேன், அடுத்த பில்லுல கழிச்சுக்கறேன்னு சொல்லிட்டார். நீங்களே பாத்து உடனே சொன்னதாலதான் ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போடறதுக்கு முன்னாடி சரி பண்ண முடியுது.

ரெண்டாவது என்ட்ரி போடும்போது லெட்ஜரைப் பாத்திருக்கணும், அது விட்டுப்போச்சு. அப்ரூவ் பண்ணும்போது நானும் பாக்கல, அது என் பக்கம்.

இன்னிக்கு ரெண்டாவது பர்சேஸ் என்ட்ரியை ரிவர்ஸ் பண்ணிடுங்க. சப்ளையர்கிட்ட பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் மெயில்ல வாங்கிடுங்க. முதலாளிகிட்ட நான் சொல்லிட்டேன், நீங்களே கண்டுபிடிச்சதையும் சேர்த்துத்தான். சம்பளத்துல பிடித்தம் கிடையாது. பேமெண்ட் வேலை வழக்கம்போல நீங்கதான் பாக்கறீங்க. நாளைக்குக் காலைல 10:30-க்கு ஒரு பத்து நிமிஷம் உக்காந்து, பில் என்ட்ரி எப்படிப் போடறதுன்னு மட்டும் பேசிக்குவோம்.”

இதில் எங்குமே ‘பரவாயில்லை’ இல்லை. ஆனாலும் படித்தவருக்கு மூச்சு சீராகும், ஏனென்றால் பயம் எழும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பதில் இருக்கிறது. இனி, இதை எழுதும்போது கை தவறும் இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது, விவரம் தெரியுமுன்பே ஆறுதல் சொல்வது. சப்ளையரிடம் பேசாமலே “பணம் வந்துடும், கவலைப்படாதீங்க” என்று எழுதிவிட்டால், அவர் இழுத்தடிக்கும்போது உங்கள் சொல்லுக்கு மதிப்பு போய்விடும். நெஃப்டில் போய் எதிராளியின் கணக்கில் சேர்ந்துவிட்ட பணத்தை, அவர் சம்மதம் இல்லாமல் வங்கி திருப்பி எடுத்துத் தராது. எனவே முதலில் ஒரு போன். அதற்கு நேரமாகும் என்றால் அதுவரை ஒற்றை வரி போதும்: “பாத்துட்டேன். சப்ளையர்கிட்ட பேசிட்டு மத்தியானம் எழுதறேன். நீங்க சொன்னது நல்லது.” மணி என்ன என்பதையும் பாருங்கள். இரவு பத்தரைக்கு “நாளைக்குக் கொஞ்சம் பேசணும்” என்று மட்டும் அனுப்புவதற்கு ஒன்றும் அனுப்பாமலே இருக்கலாம். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எதிரில் இருப்பவர் விடியும்வரை என்னென்ன கற்பனை செய்வார் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது, செய்தவரே இல்லாமல் தவறைச் சொல்வது. “ஒரு சின்ன குழப்பம் நடந்துபோச்சு”, “எல்லாருக்கும் நடக்கறதுதான்” என்று எழுதும்போது மனம் புண்படாது என்று தோன்றும். ஆனால் விட்டுப்போன வேலை எது என்பதும் அதோடு மறைந்துவிடுகிறது. “லெட்ஜரைப் பாத்திருக்கணும், அது விட்டுப்போச்சு” என்ற வாக்கியம் கடுமையானது அல்ல. அது ஒரு செயலைச் சொல்கிறது, ஆளை எடைபோடவில்லை. “நீங்க எப்பவுமே அவசரப்படறீங்க” என்பதுதான் ஆளை எடைபோடுவது. ஒரு சோதனை: உங்கள் வாக்கியத்தில் ‘எப்பவுமே’, ‘எத்தனை தடவை’, ‘உங்களை நம்பித்தானே’ ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் அழித்துவிடுங்கள். கேள்வியாக எழுதுவதிலும் இதே வேறுபாடு உண்டு. “ஏன் இப்படிப் பண்ணீங்க?” என்றால் மன்னிப்புதான் பதிலாக வரும். “ரெண்டாவது பில் எப்படி உங்க கைக்கு வந்துச்சு?” என்று கேட்டால் கூரியர் கதை வெளியே வரும். உங்களுக்கு வேண்டியது கூரியர் கதைதான்.

இதற்கு நேர் எதிர்ப் பிழையும் உண்டு. முழுப் பழியையும் மேலாளர் தன் தலையில் போட்டுக்கொள்வது. “என் தப்புதான் சுமதி, நான்தான் அப்ரூவ் பண்ணேன், நீங்க மனசுல வச்சுக்காதீங்க.” பெருந்தன்மை போலத் தெரியும். ஆனால் உங்கள் பங்கு அப்ரூவல், அவர் பங்கு என்ட்ரி. இரண்டையும் தனித்தனியாகச் சொன்னால்தான் இரண்டு இடத்திலும் மாற்றம் வரும். அவர் பங்கை நீங்கள் எடுத்துக்கொண்டால், அவர் வேலையை நீங்கள் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை என்றும் அது படும்.

அடுத்தது பாராட்டு. “உங்க உழைப்பு, நேர்மை எல்லாம் எனக்குத் தெரியும், ஆனா...” என்று தொடங்கினால், படிப்பவர் ‘ஆனா’ வரும்வரை உள்ள எதையும் படிக்க மாட்டார். பாராட்ட வேண்டியது இந்தச் சம்பவத்திலேயே இருந்தால் மட்டும் பாராட்டுங்கள், அதன் விளைவையும் சேர்த்துச் சொல்லுங்கள். சுமதி மறைக்காமல் சொன்னார். அதனால் 20-ஆம் தேதிக்குள் போட வேண்டிய 3பியில் ஒரே பில்லின் வரியை இரண்டு முறை எடுத்துக்கொள்வது தவிர்க்கப்பட்டது. இது உபசார வார்த்தை அல்ல, நடந்தது. அடுத்த முறை வேறொருவர் தவறு செய்யும்போது சொல்வாரா மறைப்பாரா என்பதை முடிவு செய்வதும் இந்த வரிதான். அலுவலகத்தில் இப்படிப்பட்ட செய்திகள் ரகசியமாக இருப்பதில்லை, ஸ்கிரீன்ஷாட்டாகவாவது நகரும்.

நம் ஊரில் அதிகம் விட்டுப்போவது சம்பளப் பேச்சு. சின்ன நிறுவனங்களில் நஷ்டம் என்றதும் ஊழியருக்கு முதலில் தோன்றுவது “என் சம்பளத்துல பிடிப்பாங்களோ” என்பதுதான். ஆனால் அவராகக் கேட்க மாட்டார். பிடித்தம் இல்லை என்று முடிவாகியிருந்தால் அதை வெளிப்படையாக எழுதுங்கள். முடிவு உங்கள் கையில் இல்லை என்றால் “அதை முதலாளிகிட்ட கேட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றேன்” என்று எழுதுங்கள். கவனக்குறைவால் வந்த நஷ்டத்துக்குப் பிடித்தம் செய்ய வேண்டுமானாலும், முதலில் ஊழியரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்பது 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்த விதி. எனவே பிடித்தத்தைப் பற்றி விளையாட்டாகக்கூட எழுத வேண்டாம். “அடுத்த மாசம் சம்பளத்துல கழிச்சுடலாமா?” என்று சிரிப்புப் பொம்மையோடு வரும் செய்தியைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

காப்பாற்ற முடியாத வாக்கும் வேண்டாம். “இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்” என்பது அன்பாகத் தோன்றும். ஆனால் ரிவர்ஸ் செய்த என்ட்ரி கணக்கில் இருக்கிறது, சப்ளையர் லெட்ஜரில் கூடுதல் தொகை தெரிகிறது, ஆடிட்டர் கேட்கத்தான் செய்வார். அன்று சுமதி ஏதோ மறைத்தவர் போல நிற்க வேண்டி வரும். யாரிடம் சொன்னீர்கள், என்ன சொன்னீர்கள் என்று எழுதிவிடுவதே அவருக்குப் பாதுகாப்பு. அதே காரணத்தால் இந்தச் செய்தி அவருக்குத் தனியாக மட்டும் போக வேண்டும். குழுவில் போட வேண்டியது புதிய நடைமுறை மட்டும், பெயரில்லாமல், இரண்டு நாள் கழித்து.

செய்தியை நன்றாக எழுதிவிட்டு நடத்தையில் கெடுப்பவர்களும் உண்டு. “வேலை வழக்கம்போல நீங்கதான்” என்று எழுதிய மறுநாளே ஒவ்வொரு பேமெண்டையும் இன்னொருவரை வைத்துச் சரிபார்க்கச் சொன்னால், அவர் நம்பப்போவது அதைத்தான். சரிபார்ப்பு தேவைதான், ஆனால் அது ஆளின் மீது அல்லாமல் வேலையின் மீது இருக்கட்டும். பத்து நிமிடப் பேச்சில் முடிவு செய்யக்கூடியது இவ்வளவுதான்: பில் எண்ணைத் தாளில் அச்சிட்டபடியே எல்லாரும் அடிப்பது, வாட்ஸ்அப் பில்லை வைத்து என்ட்ரி போடாமல் சரக்கு வரவுச் சீட்டோடு சேர்ந்த பில்லுக்கு மட்டும் போடுவது, அப்ரூவ் செய்பவர் அந்த சப்ளையரின் லெட்ஜரை ஒருமுறை திறந்து அதே தொகை முன்பே போயிருக்கிறதா என்று பார்ப்பது. மூன்றாவது மேலாளரின் வேலை. அதை அவர் செய்யத் தொடங்கினால் மற்ற இரண்டும் தானாக நிலைத்துவிடும்.

இவ்வளவு மென்மையாக எழுதுவது எல்லாத் தவறுக்கும் பொருந்தாது. அமெரிக்கப் பொறியாளர் டேவிட் மார்க்ஸ் மருத்துவமனைகளுக்காக விளக்கிய ஒரு பிரிவு இங்கும் உதவும். கை தவறிச் செய்தவருக்கு ஆறுதல், ஆபத்து என்று உணராமல் குறுக்கு வழியில் போனவருக்குப் பயிற்சி, பெரிய ஆபத்து என்று தெரிந்தும் பொருட்படுத்தாமல் செய்தவருக்கு நடவடிக்கை. சுமதியின் தவறு முதல் வகை. சரக்கு வரவுச் சீட்டு வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தும், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அதைத் தாண்டிப் போயிருந்தால் அது இரண்டாவது வகை. அப்போது ஆறுதல் வரியைக் குறைத்து, பேச்சுக்குப் பத்து நிமிடத்துக்குப் பதில் அரை மணி வைக்க வேண்டும். சப்ளையரோடு பேசி வைத்துக்கொண்டு இரண்டாவது பணம் போயிருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால், வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். அது விசாரணைக்கு உரியது.

அதே தவறு புதிய நடைமுறைக்குப் பிறகும் வந்தால், பழைய செய்தியை எடுத்து அனுப்பக் கூடாது. இரண்டாவது முறை எழுதுவது மின்னஞ்சலில் இருக்கட்டும், முதல் முறை பேசி முடிவு செய்ததைத் தேதியோடு குறிப்பிடட்டும்: “16-ஆம் தேதி சீட்டோட சேர்ந்த பில்லுக்கு மட்டும் என்ட்ரின்னு முடிவு பண்ணோம். இந்த பில்லுக்குச் சீட்டு இல்ல. என்ன ஆச்சுன்னு நீங்க சொல்லுங்க, கேட்டுட்டு மேற்கொண்டு பேசலாம்.” பதில் சில சமயம் எதிர்பாராததாக இருக்கும். கிடங்கில் சீட்டுப் புத்தகம் தீர்ந்து பத்து நாளாகியும் யாரும் வாங்கித் தரவில்லை என்று தெரியவரலாம்.