நல்ல கடவுள் இருந்தும் ஏன் துன்பம்? நான்கு நிமிட வீடியோவில் சொல்வது எப்படி

போன தை மாதம் பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் ஒரே காலையில் ஒரு வீட்டில் கல்யாண நாதஸ்வரம், நாலு வீடு தள்ளி சாவுப் பறை. ஜன்னலில் நின்றுகொண்டிருந்த என் பத்து வயது மகள், "சாமி நல்லவர்னா இது ஏம்ப்பா?" என்று கேட்டாள். எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் கோயிலுக்குப் போகிற பிள்ளைகளும் சர்ச்சுக்கும் பள்ளிவாசலுக்கும் போகிற பிள்ளைகளும் சேர்ந்துதான் உட்காருகிறார்கள். அவர்கள் எல்லாருக்குமாக இந்தக் கேள்விக்கு ஒரு வீடியோ செய்தேன். மூன்று முறை அழித்து எழுதினேன். எங்கே தப்பியது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. கேள்வியை முதலில் மேசைமேல் வையுங்கள்

தொடக்கத்துக்கு நான் வெளியே தேடிப் போகவில்லை. புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் எங்கள் தெருவையே பாடியிருக்கிறார். ஒரு வீட்டில் சாவுப்பறை, இன்னொரு வீட்டில் மண முழவு. பூச்சூடிய பெண் ஒருத்தி, கண்ணீர் வடிக்கும் பெண் ஒருத்தி. அப்புறம் நேராகவே சொல்லிவிடுகிறார்: "படைத்தோன் மன்ற அப் பண்பி லாளன்." இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று. இந்த ஒரு வரியை 20 விநாடிக்கு, பின்னணி இசை இல்லாமல் வாசித்தேன். கேள்வி கேட்பதே பாவம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய திறப்பு.

உடனே கேள்வியை மூன்று கால்களாகப் பிரித்துத் திரையில் காட்டுங்கள். கடவுள் நல்லவர். கடவுள் எல்லாம் வல்லவர். துன்பம் உண்மையிலேயே இருக்கிறது. மூன்றும் சேர்ந்து நிற்கும்போதுதான் சிக்கல் வருகிறது. ஒரு மரபு எந்தக் காலைத் தொட்டுப் பார்க்கிறது என்று கவனித்தால் அதன் பதில் தானே விளங்கும். இந்தப் படம் இல்லாமல் நான் செய்த முதல் வீடியோவில், எல்லா மதமும் ஒன்றையே சொல்கிறது என்று பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். அவை ஒன்றைச் சொல்லவில்லை.

2. மூன்று மரபு, மூன்று ஆள்

நிதானமாகப் பேசினால் என் வேகம் நிமிடத்துக்கு 90 சொல். நான்கு நிமிடத்துக்கு 360 சொல்தான். அதில் ஏழு மதங்களை அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி மிஞ்சும், அந்த ஒரு வரி பொய்யாகவே இருக்கும். எங்கள் வகுப்பில் இருக்கும் மூன்று மரபுகளோடு நிறுத்தினேன். கொள்கையின் பெயரைச் சொல்லாமல், அந்த மரபுக்குள் துன்பப்பட்ட ஒரு மனிதரைச் சொன்னேன். சைவத்துக்கு அப்பர், கிறிஸ்தவத்துக்கு யோபு, இஸ்லாத்துக்கு மகனை இழந்த நபிகள் நாயகம்.

3. யார், யாரிடம் சொல்கிறார்?

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். முதல் எழுத்துப்படியில் சைவத்தின் பதிலை இப்படி எழுதியிருந்தேன்: "முற்பிறவியில் செய்த வினையின் பயனே நாம் படும் துன்பம்." புத்தகத்தில் பார்த்தால் பிழை சொல்ல முடியாது. எங்கள் மாடியில் குடியிருக்கும் அக்காவிடம் போட்டுக் காட்டினேன். இரண்டு வருடத்துக்கு முன் மகளை இழந்தவர். முழுதும் பார்த்துவிட்டு, "அப்போ எம்பொண்ணு என்ன பண்ணிச்சுன்னு சொல்றீங்க?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் தேவாரத்தைத் திரும்பத் திறந்தேன். அப்பருக்குச் சூலை நோய். வயிற்றுக்குள் குடரை முறுக்கும் வலியோடு திருவதிகைக் கோயிலில் நின்று அவர் பாடுகிற முதல் வரிகள்: "கூற்றாயின வாறு விலக்ககலீர், கொடுமைபல செய்தன நான் அறியேன்." எமனாக வந்த இந்த நோயை விலக்க மாட்டேன் என்கிறீர்களே, நான் செய்த கொடுமைகள் என்னவென்று எனக்குத் தெரியவில்லையே என்கிறார். வினை என்ற பேச்சு இங்கேயும் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்வது வலியில் இருப்பவர், சொல்லப்படுவது கடவுளிடம், அதுவும் 'அறியேன்' என்ற சொல்லோடு. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து அப்பர் இதைச் சொல்லவில்லை. என் வரியில் இருந்த தவறு அதுதான். தன்மையில் வரவேண்டிய பேச்சை நான் முன்னிலைக்கு மாற்றியிருந்தேன்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு யோபுவின் கதை எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. யோபுவின் பத்துப் பிள்ளைகளும் வீடு இடிந்து இறந்துபோகிறார்கள். பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்புறம் பேசத் தொடங்குகிறார்கள். பில்தாத் என்பவர், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான பலன் வந்தது என்கிற தொனியில் பேசுகிறார். மாடி வீட்டு அக்காவின் காதில் என் வீடியோ விழுந்தது போலவே. கடைசியில் கடவுள் பெருங்காற்றிலிருந்து பேசும்போது காரணம் எதையும் சொல்வதில்லை. நான் பூமிக்கு அடித்தளம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று கேள்விமேல் கேள்வி கேட்கிறார். ஆனால் கோபப்படுவது கடவுளிடமே சண்டை போட்ட யோபுவின்மேல் அல்ல, காரணம் சொல்லிக்கொண்டிருந்த நண்பர்கள்மேல். அவர்கள் தன்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார்.

நபிகள் நாயகத்தின் மகன் இப்ராஹீம் இரண்டு வயது நிரம்பும் முன்பே இறந்துபோனார். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நபியவர்கள் கண்ணீர் விட்டபோது, நீங்களுமா அழுகிறீர்கள் என்று ஒரு தோழர் கேட்டார். இது இரக்கம் என்றார்கள். கண் அழுகிறது, மனம் வருந்துகிறது, ஆனால் இறைவனுக்குப் பிடிக்காத சொல்லை நாம் சொல்ல மாட்டோம் என்றார்கள். அன்று சூரிய கிரகணம் வந்தது. குழந்தை இறந்ததால்தான் சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசினார்கள். யாருடைய சாவுக்காகவும் பிறப்புக்காகவும் சூரிய சந்திரருக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் அதை மறுத்தார்கள். தன் சொந்தத் துக்கத்துக்கு வானத்திலிருந்து ஒரு காரணத்தை எடுத்துக்கொள்ள அவர்கள் விரும்பவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஆகவே எழுத்துப்படியை முடித்ததும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்றைக் குறியுங்கள்: யார் சொல்கிறார், யாரிடம், எப்போது. துன்பப்படாதவர் துன்பப்படுபவரைப் பார்த்துச் சொல்வதாக ஒரு வரி வந்தால் அதை அடித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். என் சைவ வரி இப்படி மாறியது: "வலியில் துடித்த அப்பர், நான் என்ன செய்தேனோ தெரியவில்லையே என்று சிவனிடமே கேட்டார்."

4. மூன்று கால்களுக்குத் திரும்புங்கள்

கதையோடு விட்டால் அது ஆறுதல் வீடியோ ஆகிவிடும். கேள்விக்குப் பதில் வேண்டும். சைவ சித்தாந்தம் 'எல்லாம் வல்லவர்' என்ற காலை வேறு விதமாக வைக்கிறது. இறைவன், உயிர், உயிரைக் கட்டும் தளையாகிய பாசம் மூன்றும் தொடக்கம் இல்லாதவை. நெல்லில் உமி போல, செம்பில் களிம்பு போல உயிரோடு ஆணவ மலம் என்ற அழுக்கு எப்போதுமே ஒட்டியிருக்கிறது. அதைச் சிவன் படைக்கவில்லை, நீக்குகிறார். பிள்ளையை அடிக்கும் தாய் தந்தையின் கோபத்துக்குள்ளும் பரிவுதான் இருக்கிறது, ஈசன் கோபமும் அப்படித்தான் என்று சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார் சொல்கிறார். குழந்தை இறந்த வீட்டில் இந்த உவமை தாங்காது, அதனால் வீடியோவில் நான் உமியோடு நிறுத்திக்கொண்டேன்.

யோபுவின் நூல் மூன்று கால்களையும் அப்படியே விட்டுவிட்டு, 'நல்லவர்' என்பதை அளக்க உன் கையில் இருக்கும் அளவுகோல் போதுமா என்று கேட்கிறது. குர்ஆன் இரண்டாம் அத்தியாயம் பயம், பசி, பொருள் இழப்பு, உயிர் இழப்பு எல்லாவற்றையும் சோதனை என்கிறது. பொறுத்தவர்கள் சொல்வது, நாம் இறைவனுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்புகிறோம் என்பது. கணக்கு இந்த உலகத்தோடு முடிவதில்லை என்பதே அங்கே அடிப்படை.

5. படம், ஒலி, எழுத்து

நபிகள் நாயகத்தை எந்த வடிவத்திலும் வரைய வேண்டாம். மங்கலாக, முதுகுப்பக்கம், நிழலாக என்று எதுவுமே கூடாது. நான் காலியான ஒரு தொட்டிலையும் மறைபட்ட சூரியனையும் மட்டும் காட்டினேன். அது நன்றாக வந்ததால் அப்பருக்கும் முகம் போடவில்லை. கெடில நதிக்கரையும் ஒரு கையும்தான். துக்க வீட்டுப் பறையை நிஜமாகப் பதிவுசெய்ய எனக்கு மனம் வரவில்லை, பறை வாசிக்கும் நண்பர் தனியாக வாசித்துக் கொடுத்தார்.

குரலைத் துணி அலமாரியைத் திறந்து வைத்து, அதன் முன் உட்கார்ந்து பதிவுசெய்யுங்கள். அல்சூரில் காலை ஐந்து மணிக்கு மேல் ஆட்டோ சத்தம் வந்துவிடும். சோக வயலின் இசை வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. அது பார்ப்பவருக்குப் பதில் சொல்லிவிடுகிறது.

வசன எழுத்தில் தமிழ் உடையும். உங்கள் செயலியில் முதலில் 'கொடுமை' என்று அடித்துப் பாருங்கள். கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நின்றால் அந்தச் செயலியை விட்டுவிடுங்கள். நான் இப்படித் தனிக் கோப்பாக UTF-8இல் சேமித்து,

```
1
00:01:12,000 --> 00:01:17,500
கொடுமைபல செய்தன நான் அறியேன்
```

இந்தக் கட்டளையால் சேர்க்கிறேன். எனக்கு எழுத்து உடையவில்லை.

```
ffmpeg -i v.mp4 -vf "subtitles=s.srt:force_style='FontName=Noto Sans Tamil'" out.mp4
```

பின்சேர்க்கை

புத்தர் எங்கே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பௌத்தத்தில் உலகைப் படைத்த நல்ல கடவுள் என்ற முதல் காலே இல்லை. சாவே நடக்காத வீட்டிலிருந்து கடுகு கேட்கப்பட்ட கிசா கோதமியின் கதையைச் சேர்க்க ஆசைதான், ஆனால் அது வேறு கேள்விக்கான பதில். தனி வீடியோவாகச் செய்கிறேன்.

டானரி ரோட்டில் இருக்கும் ஆம்பூர் நண்பர் ஒருவர், நபியவர்களின் பெயருக்குப் பின் (ஸல்) இல்லாததைச் சொன்னார். வசன எழுத்தில் சேர்த்துவிட்டேன், குரலிலும் அந்த இடத்தை மறுபடி பதிவுசெய்தேன். உங்களுடையதை வெளியிடும் முன் ஒவ்வொரு மரபிலிருந்தும் ஒருவரை உட்காரவைத்து, அவரவர் பகுதியை மட்டும் ஒலியில்லாமல் ஒருமுறை, படமில்லாமல் ஒருமுறை காட்டுங்கள். பிழை இரண்டில் ஒன்றில் வந்துவிடும்.

மாடி வீட்டு அக்காவிடம் மூன்றாவது படியைக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. 'அறியேன்' வரும் இடத்தை மட்டும் இன்னொரு தரம் போடச் சொன்னார்.