பங்குதாரர் வட்டி, சம்பளம், லாபம்: பார்ட்னர்ஷிப்புக்கு வரி போடும் வரிசை

ராணியும் செல்வமும் சேர்ந்து தொழில் நடத்துகிறார்கள். ராணி போட்ட முதல் 6 லட்சம், செல்வம் போட்டது 4 லட்சம். தினமும் கடையைப் பார்ப்பது ராணி மட்டும்தான். லாபம் பாதிப் பாதி. இந்த வருஷம் வட்டி, சம்பளம் கழிக்கும் முன் லாபம் 11,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பார்ட்னர்ஷிப் பத்திரத்தைப் பாருங்கள். 1932 கூட்டாண்மைச் சட்டப்படி, பத்திரத்தில் எழுதாவிட்டால் முதலுக்கு வட்டியும் கிடையாது, உழைப்புக்குச் சம்பளமும் கிடையாது. இவர்களுடைய பத்திரத்தில் 12% வட்டியும், ராணிக்கு மாதம் 50,000 ரூபாய் சம்பளமும் இருக்கின்றன.

அடுத்து வட்டியைக் கழியுங்கள். ராணிக்கு 72,000, செல்வத்துக்கு 48,000. மீதி 10 லட்சம். ஆடிட்டர்கள் 'புக் பிராஃபிட்' என்று சொல்வது இதைத்தான். 12 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுக்கத் தடையில்லை. ஆனால் அந்த அதிகப்படியை வருமான வரிக் கணக்கில் செலவாக ஏற்க மாட்டார்கள்.

இப்போது, வரிக் கணக்கில் செலவாகக் கழிக்கக்கூடிய சம்பளத்தின் உச்சவரம்பு. 2024-25 நிதியாண்டு முதல், புக் பிராஃபிட்டின் முதல் 6 லட்சத்தில் 90% அல்லது 3 லட்சம், இதில் எது அதிகமோ அது. அதற்கு மேல் உள்ளதில் 60%. இங்கே 5,40,000 + 2,40,000 = 7,80,000. ராணியின் சம்பளம் 6 லட்சம்தானே, முழுவதும் கழியும். உழைக்கும் பங்குதாரருக்குத்தான் இந்தச் சலுகை. செல்வத்துக்குச் சம்பளம் எழுதினால் வரிக் கணக்கில் செல்லாது.

மிச்சம் 4 லட்சம். நிறுவனத்துக்கு அடிப்படை விலக்கு எதுவும் கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே 30% வரி, அதன் மேல் 4% செஸ். ஆக 1,24,800. பாக்கி 2,75,200-ஐ ஆளுக்கு 1,37,600 என்று பிரித்துக்கொள்கிறார்கள். இந்தப் பங்குக்கு அவர்கள் மறுபடி வரி கட்ட வேண்டாம். வட்டியும் சம்பளமும் அப்படியல்ல. அவை தொழில் வருமானமாக அவரவர் கணக்கில் ஏறும். ராணிக்கு அது 6,72,000. இதோடு, வட்டி, சம்பளம் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு வருஷத்தில் 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் 10% டிடிஎஸ் பிடிக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் இது கட்டாயம். கையில் பணம் கொடுக்காமல் முதல் கணக்கில் வரவு வைத்தாலும் பிடித்தாக வேண்டும், இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

சரி, லாபம் குறைந்தால்? அடுத்த வருஷம் வட்டி போக 5 லட்சம்தான் மிச்சம், சம்பளம் அதே 6 லட்சம். புத்தகத்தில் 1 லட்சம் நஷ்டம். ஆனால் வரம்பு 4,50,000தான். அதனால் வரிக் கணக்கில் 50,000 லாபம் நிற்கும், 15,600 வரி வரும். ஏற்கப்படாத அந்த 1,50,000-க்கு ராணியிடம் வரி கேட்க மாட்டார்கள் என்பது ஓர் ஆறுதல். இந்தச் சிக்கலே வராமலிருக்க, பத்திரத்தில் 'மாதம் 50,000 அல்லது சட்டம் அனுமதிக்கும் வரம்பு, எது குறைவோ அது' என்று எழுதிவிடலாம்.