ஜூலை 31 ராத்திரியோடு பழைய பில் நிற்கும்: கடை ஊழியர்களைப் புது மென்பொருளுக்கு மாற்றுவது எப்படி

புது மென்பொருளை வாங்கிப் போட்டுவிட்டு, "நாளையிலிருந்து இதில்தான் பில்" என்று முதலாளி ஒரு காலையில் சொல்லிவிட்டுப் போவார். பத்து நாள் கழித்து அந்தக் கடைக்குப் போனால் புதுக் கம்ப்யூட்டர் மேல் துணி போர்த்தியிருக்கும், பில் பழையதிலேயே ஓடிக்கொண்டிருக்கும். கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் அமைத்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் இதை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஒழுங்காக மாறிய ஒரு கடையை வைத்து இதை விளக்குகிறேன். மதுரை கீழமாசி வீதியில் உள்ள மளிகை மொத்தக் கடை. பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள்: பில் போட இரண்டு பேர், ஒரு கணக்குப்பிள்ளை, கலெக்‌ஷனுக்கு இரண்டு பேர், மீதிப் பேர் குடோனும் லோடும். பழைய பில்லிங் மென்பொருள் ஒரு விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். அந்த விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது.

படி 1: காரணத்தை வேலை பார்ப்பவர் பக்கமிருந்து எழுதுங்கள்

முதலாளிக்கு இருந்த காரணம் இ-இன்வாய்ஸ். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வியாபாரிகள், ஜிஎஸ்டி பதிவு உள்ள இன்னொரு வியாபாரிக்குப் போடும் பில்லை அரசுத் தளத்தில் பதிந்து, ஐஆர்என் எண்ணும் கியூஆர் குறியீடும் வாங்க வேண்டும். 5 கோடி என்ற வரம்பு 2023 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது இல்லாமல் கொடுக்கும் பில், சட்டப்படி பில்லே இல்லை. இந்தக் கடை முந்தைய ஆண்டில்தான் அந்த வரம்பைத் தாண்டியிருந்தது.

இதை அப்படியே சொன்னால் ஊழியர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வரி முதலாளியின் கவலை. அதனால் அவர்களோடு இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். பில் போடும் தம்பி ஒரே பில்லைப் பழைய மென்பொருளில் ஒருமுறையும், அரசுத் தளத்துக்காக இன்னொரு முறையும் அடித்துக்கொண்டிருந்தான். அது முடியும் வரை லோடுமேன் வண்டிப் பக்கத்தில் சும்மா நிற்கிறார். சாயங்காலம் எல்லோரும் கிளம்ப ஒன்பதரை ஆகிறது. புது மென்பொருளில் ஒருமுறை அடித்தால் ஐஆர்என் தானாக வந்துவிடும். ஆக, காரணம் கிடைத்துவிட்டது. கவுன்டர் பக்கத்தில் ஒட்டியதும் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் இதுதான்:

> ஆகஸ்ட் 1 காலை முதல் எல்லா பில்லும் புது மென்பொருளில் மட்டும். ஒரு பில்லை இரண்டு முறை அடிக்கும் வேலை அதோடு முடிகிறது. பழைய மென்பொருளில் கடைசி பில் ஜூலை 31 மாலை 5 மணி. அதற்குப் பிறகு அதில் பார்க்கலாம், பில் போட முடியாது. பழகும் வகுப்பு ஜூலை 7 முதல், மதியம் 2.30க்கு, கடை நேரத்திலேயே. புதுசில் வேகம் வரும் வரை தாமதத்துக்கு யாரையும் கேட்க மாட்டோம். ஆகஸ்ட் 15 வரை ஸ்டாக் வித்தியாசம் யார் சம்பளத்திலும் பிடிக்கப்படாது.

கடைசி வரிக்கு முதலாளி லேசில் சம்மதிக்கவில்லை. ஆனால் குடோன் ஆட்களின் பயமே அதுதான். மூட்டை குறைந்தால் நம் தலையில்தான் விழும் என்று நினைப்பவர் புதுத் திரையில் எதையும் பதிய மாட்டார்.

படி 2: நிறுத்தும் தேதியைக் கடையின் வருஷத்தைப் பார்த்துக் குறியுங்கள்

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது ஏப்ரல் 1. புது நிதியாண்டு, புது பில் எண். ஆனால் ஆண்டு முடிவுக் கணக்கும் அப்போதுதான் கழுத்தைப் பிடிக்கும், பின்னாலேயே சித்திரைத் திருவிழா வந்துவிடும். மாசி வீதிகளில் தேர் ஓடும் நாளில் லாரி உள்ளே வருமா என்ன? தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களும் ஆகாது.

ஆடியில் கல்யாண ஆர்டர் இருக்காது, கடை கொஞ்சம் மூச்சு விடும். அதனால் ஆகஸ்ட் 1. மாதத்தின் முதல் நாளாக இருப்பது முக்கியம். மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்பவர்கள் ஜிஎஸ்டிஆர்-1ஐ அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் தர வேண்டும். நடு மாதத்தில் மாறினால் அந்த மாத பில்கள் இரண்டு இடத்தில் கிடக்கும். ஒட்டவைப்பது கணக்குப்பிள்ளையின் தலைவலி.

பில் எண்ணுக்கு வேறு வரிசை கொடுத்துவிடுங்கள். எண்ணில் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு நிதியாண்டில் ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது. இந்தக் கடை `MN/25-26/00001` என்று தொடங்கியது. பில்லைப் பார்த்த உடனே பழையதா புதுசா என்று தெரிந்துவிடும்.

படி 3: வகுப்புக்கு முன் பெயர்ப் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள்

பழைய மென்பொருளில் வாடிக்கையாளர் பெயர்கள் "உசிலம்பட்டி அண்ணாச்சி", "திருமங்கலம் மாடிக் கடை" என்று இருந்தன. புதுசிலோ ஜிஎஸ்டி பதிவில் உள்ள பெயர் வேண்டும். பில் போடும் தம்பிக்கு அந்தப் பெயர்களில் பாதி தெரியாது. முதல் நாளே "பேரைக் காணோம்" என்று எழுந்து போய்விடுவான். நல்ல வேளையாகப் புது மென்பொருளில் மாற்றுப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. அதில் பட்டப்பெயரை ஏற்றினோம். தேடினால் இரண்டும் வரும்.

எந்தப் பட்டப்பெயர் யாருடையது என்பது முழுதாகத் தெரிந்தவர் கணக்குப்பிள்ளை ஒருவர்தான். "இந்த வயசுல எனக்குப் பரீட்சையா தம்பி?" என்று ஒதுங்கி இருந்த மனிதர், இந்தப் பட்டியலைச் சரிபார்க்கக் கூப்பிட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். யார் எதிர்க்கிறார்களோ, அவர்களிடம் மட்டுமே இருக்கிற அறிவு எது என்று தேடுங்கள். அநேகமாகப் புது மென்பொருளுக்கு அது தேவைப்படும்.

சரக்குப் பட்டியலில் ஒரு பொறி உண்டு, அரிசி. 2022 ஜூலை 18 முதல், பொதித்து லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரை என்றால் 5 சதவீத வரி. 26 கிலோ மூட்டை என்றால் வரி இல்லை. பழைய மென்பொருளில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் இருந்தது. வரியை பில் போடுபவர் கையால் மாற்றிக்கொள்வார். புதுசில் வரி சரக்கோடு ஒட்டியிருக்கும். எனவே இரண்டு தனிச் சரக்காகப் பிரித்து, பெயரின் முதலிலேயே எடை வரும்படி எழுதினோம்.

படி 4: வகுப்பை உங்கள் பழைய பில்களை வைத்து நடத்துங்கள்

மென்பொருள் விற்றவர் வந்து இரண்டு மணி நேரம் எல்லா மெனுவையும் காட்டிவிட்டுப் போவார். அதை வகுப்பு என்று நினைக்காதீர்கள். கேட்டவர்களுக்கு மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது.

நாங்கள் செய்தது இப்படி. மதியம் இரண்டரை மணிக்குக் கூட்டம் குறையும். அப்போது முக்கால் மணி நேரம், ஒரு குழுவுக்கு மூன்று நான்கு பேர். பில் போடுபவர்களுக்கு ஆறு வகுப்பு, கணக்குக்கும் கலெக்‌ஷனுக்கும் மூன்று, குடோனுக்கு இரண்டு. குடோன் ஆட்களுக்கு பில் திரையைக் காட்டவே இல்லை. வந்த மூட்டை, போன மூட்டை, கிழிந்த மூட்டை, இந்த மூன்றையும் போனில் பதியத் தெரிந்தால் போதும்.

பாடப் புத்தகம் போன மாதத்து பில்கள் இருபது. எளிதானவை எட்டு. மீதிப் பன்னிரண்டைத் தேடி எடுத்தோம்: திரும்பி வந்த சரக்கு, அரை மூட்டை துவரம்பருப்பு, ஒரே பில்லில் இரண்டு விலைச் சீனி, பாதி ரொக்கம் பாதிக் கடன், ரத்தான பில். பயிற்சிக்கென்று தனிக் கம்பெனிக் கணக்கு ஒன்றை மென்பொருளில் திறந்துகொள்ளுங்கள். அதில் ஐஆர்என் இணைப்பு அணைந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இல்லாவிட்டால் விளையாட்டு பில் அரசுத் தளத்தில் நிஜமாகவே ஏறிவிடும்.

தேறினாரா என்பதற்கு ஒரே அளவுகோல்: பக்கத்தில் யாரும் இல்லாமல் பத்து பில் போட வேண்டும், மொத்தம் பழைய பில்லோடு பைசா வரை ஒத்துப்போக வேண்டும். முதல் முறை இரண்டு பேரும் ஒரே பில்லில் தவறினார்கள். 25 கிலோ அரிசி பத்து மூட்டை, மூட்டை 1,400 ரூபாய். பழைய பில்லில் 14,700, புதுசில் 14,000. எழுநூறு ரூபாய் வரியைக் காணோம். 26 கிலோ சரக்கைத் தொட்டிருக்கிறார்கள். பட்டியலில் அது மேலே இருந்ததுதான் காரணம். வரிசையை மாற்றினோம், தவறு நின்றது. இப்படிப்பட்ட தவறு வகுப்பில் வந்தால் சந்தோஷப்படுங்கள்.

படி 5: நிறுத்தும் ராத்திரி

இரண்டிலும் கொஞ்ச நாள் பில் போட்டுப் பார்க்கலாமே என்று எல்லாக் கடையிலும் கேட்பார்கள். நான் வேண்டாம் என்பேன். வேலை இரண்டு மடங்காகும். அவசரத்தில் எல்லோரும் பழையதைத்தான் தொடுவார்கள். வகுப்பில் பழைய பில்களை அடித்துச் சரிபார்த்ததே போதுமான சோதனை.

ஸ்டாக் எண்ணுவதைப் பிரித்துக்கொண்டோம். மெதுவாக விற்கும் சரக்கை முந்தைய ஞாயிறே எண்ணிச் சீட்டு ஒட்டிவிட்டோம். அதன் பின் எடுத்தவர் சீட்டிலேயே கழித்து எழுதினார். வேகமாகப் போகும் அறுபது சரக்கை மட்டும் ஜூலை 31 மாலை ஐந்துக்கு பில் நிறுத்தி எண்ணினோம். எட்டரைக்கு முடிந்தது.

கடன் பாக்கியை பில் பில்லாக ஏற்றுங்கள். திருமங்கலம் கடை 86,400 தர வேண்டும் என்று ஒரே தொகையாக ஏற்றினால், அவர் 31,200 கொடுத்து "முதல் பில்லுக்கு வரவு வையுங்க" என்னும்போது திரையில் முதல் பில்லே இருக்காது. 31,200, 28,700, 26,500 என்று மூன்றாக, பழைய எண்ணும் தேதியுமாக ஏற்ற வேண்டும். பழைய பில்லுக்குச் சரக்கு திரும்பி வந்தாலும் வரவுச் சீட்டு புதுசில்தான், பழைய எண்ணைக் குறித்து.

அப்புறம் பழையதில் எல்லோருடைய உள்நுழைவையும் பார்ப்பதற்கு மட்டும் என்று மாற்றினோம். முதலாளியுடையதையும்! அவர்தான் முதலில் விதியை மீறுவார். கையால் எழுதும் பில் புத்தகங்களையும் கவுன்டரிலிருந்து எடுத்துவிட்டோம். கரண்டும் நெட்டும் போனால் சில்லரை வாடிக்கையாளருக்கு மட்டும் எழுத, தனி எண் வரிசையில் ஒரே ஒரு புத்தகம் கல்லாவில் இருந்தது.

படி 6: முதல் இரண்டு வாரம் பில் நேரத்தைப் பாருங்கள்

"எப்படிப் போகுது?" என்று கேட்டால் "நல்லாப் போகுதுண்ணே" என்பார்கள். அதை நம்பாமல், அன்றைய பில் பட்டியலை நேர வரிசையில் எடுத்துப் பாருங்கள். நான்காம் நாள் எடுத்தேன். காலை பத்திலிருந்து மதியம் வரை நாலே பில், மாலை ஆறுக்கு மேல் முப்பத்தெட்டு. அதாவது பகலில் துண்டுச் சீட்டில் எழுதிச் சரக்கை அனுப்பிவிட்டு, ராத்திரி உட்கார்ந்து ஏற்றுகிறார்கள். ஐஆர்என் இல்லாமலே வண்டி போயிருக்கிறது.

திட்டவில்லை, ஏன் என்று கேட்டேன். சீனி விலையும் பருப்பு விலையும் காலையில் மாறும். முதலாளி விலையை வாயால் சொல்கிறார், மென்பொருளில் நேற்றைய விலை நிற்கிறது, பில் போடுபவருக்கு அதை மாற்ற அனுமதி இல்லை. பழையதில் யாரும் எந்த விலையும் அடிக்கலாம். ஒன்பதரைக்குள் கணக்குப்பிள்ளை விலைப் பட்டியலை ஏற்றுவது, பில் போடுபவர் இரண்டு சதவீதம் வரை கூட்டிக் குறைக்கலாம் என்று வைத்தோம். மறு வாரம் பில்கள் பகல் முழுக்கப் பரவி இருந்தன.

பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். ஜிஎஸ்டி கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டு அறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். தகவலை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, ஒன்றை முதலாளி வீட்டில் வைத்தோம். எடுத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பழைய பில் ஒன்றை வரவழைத்துப் பார்த்தபோது முதல் டிஸ்க் திறக்கவில்லை. மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. நெட் இணைப்பைக் கழற்றிய அந்தப் பழைய பெட்டி இப்போது கணக்குப்பிள்ளை மேஜைக்குக் கீழே இருக்கிறது.